தார்ப்பாய்க்குள் இருமும் கன்று

ஐப்பசி மழைக்குக் கொட்டகையின் ஒரு பக்கத்தில் தார்ப்பாய் ஏறும். கார்த்திகையில் அது இரண்டு பக்கமாகும். மார்கழி பிறந்து பனி விழத் தொடங்கியதும் நான்கு பக்கமும் இறக்கிவிட்டு, காற்றில் படபடக்காமல் இருக்க அடியில் செங்கல் வைத்து அழுத்திவிடுவார்கள். கடலூர், பாகூர், நெல்லிக்குப்பம் பக்கத்து ஊர்களில் அந்த மாதம் விடியற்காலையில் நடந்தால் தெருவுக்கு இரண்டு நீலக் கூடாரங்களாவது கண்ணில் படும். அந்தக் கூடாரங்களுக்குள்ளிருந்துதான் கன்றுகளின் இருமலும் கேட்கும். காரணம் கேட்டால் எல்லாரும் சொல்லும் பதில் ஒன்றே: பனி.

கால்நடை ஆய்வாளராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். பணியில் சேர்ந்த முதல் சில ஆண்டுகள் நானும் பனியைத்தான் குறை சொன்னேன். பிறகு கணக்குப் பார்த்தேன். நம் கடற்கரையில் மார்கழி விடியலில் வெப்பநிலை பெரும்பாலும் 20 டிகிரி செல்சியஸை ஒட்டியே நிற்கிறது. பிறந்து சில நாளே ஆன கன்றுகூட, உடம்பு உலர்ந்து, வயிறு நிறைந்து இருந்தால் ஏறக்குறைய 15 டிகிரி வரை சிரமமில்லாமல் தாங்கும். அப்படியென்றால் இந்தக் குளிர் மட்டும் ஒரு கன்றின் நுரையீரலைக் கெடுத்துவிட முடியாது. ஈர ரோமத்தின் மேல் காற்று அடித்தால் கெடுதல்தான், மறுக்கவில்லை. ஆனால் நான் பார்த்த நிமோனியாக்களில் பெரும்பகுதி, பனியைத் தடுக்கக் கட்டிய தார்ப்பாய்க்குள்ளேயே உண்டானவை.

அது எப்படி என்று சொல்வதற்கு முன், நோயை அடையாளம் காண்பதைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நம் ஊரில் நிமோனியா கன்றைக் கொல்வதற்குப் பெரும்பாலும் தாமதமே துணை போகிறது. மேல்மூச்சு வாங்கி, கழுத்தை நீட்டி, வாயைத் திறந்து நிற்கும்போதுதான் ஆளை அனுப்புகிறார்கள். அதற்கு நான்கைந்து நாள் முன்பே கன்று சொல்லத் தொடங்கியிருக்கும்.

முதலில் மூக்கு. நலமான கன்றுக்கு ஒரு பழக்கம் உண்டு. நாக்கை நீட்டி இரண்டு மூக்குத் துளைகளையும் மாற்றி மாற்றித் துழாவிக்கொண்டே இருக்கும். அதனால் லேசாகச் சளி ஒழுகினாலும் தடயம் மிஞ்சாது. பால் குடித்து முடித்த கன்றின் மூக்கைப் பார்த்து, சுத்தமாக இருக்கிறது என்று திருப்தி அடைவது வீண். அது அப்போதுதான் நக்கியிருக்கும். பார்க்க வேண்டிய நேரம், கன்று படுத்திருந்து எழுந்த உடனே, பால் விடுவதற்கு முன். அப்போது துளையோரம் தண்ணீர் போலத் தெளிவாக ஈரம் இருந்தால் கவலை இல்லை. ஒரு பக்கத்தில் மட்டும் கொஞ்சம் கலங்கலாக இருந்தால் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். இரண்டு பக்கமும் வெள்ளையாகக் கெட்டியாகவோ, மஞ்சளோ பச்சையோ கலந்தோ வந்தால் விஷயம் முற்றிக்கொண்டிருக்கிறது. இதைவிட நுட்பமான அடையாளம் ஒன்று உண்டு. காய்ச்சல் கண்ட கன்று மூக்கை நக்குவதை நிறுத்திவிடும். துளையோரம் சளி காய்ந்து பொருக்காக ஒட்டியிருந்தால், சளியின் அளவைவிட அந்தப் பொருக்கே எனக்கு அதிகம் சொல்லும். கன்று தன் மூக்கைத் தானே கவனிக்க முடியாத நிலைக்கு வந்துவிட்டது என்று பொருள்.

அடுத்தது இருமல். வைக்கோலை உதறும்போது ஒரு தடவை செருமுவது நோயில்லை, நாமும் செருமுகிறோம். கவனிக்க வேண்டியது, கன்று எழுந்து நிற்கும்போதும் நாலடி ஓடிய உடனேயும் தூசி எதுவும் இல்லாமல் வரும் இருமல். தொடக்கத்தில் அது வறண்டு, குட்டையாக, தொண்டையைச் செருமுவது போல இருக்கும். பல வீடுகளில் இதை இருமல் என்றே கணக்கில் எடுப்பதில்லை. நாளாக ஆக ஈரம் கலந்த ஒலி வரும். மிக மோசமான நிலையில், விலா வலிப்பதால் கன்று இருமலை அடக்கப் பார்க்கும். உதட்டை இறுக்கிக்கொண்டு முனகல் போல ஒரு சிறு இருமல் வரும். இருமல் குறைந்துவிட்டது, தேறிவிட்டது என்று வீட்டார் நினைப்பது பல நேரம் இந்தக் கட்டத்தில்தான்.

இருமல் கேட்கவில்லை என்றால் வரவழைத்துப் பார்க்கலாம். குரல்வளைக்குச் சற்றுக் கீழே, கழுத்தின் முன்புறம், வளையம் வளையமாகக் கைக்குத் தட்டுப்படும் மூச்சுக்குழாயைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து மெதுவாக ஒரு தடவை அழுத்த வேண்டும். நலமான கன்று தலையை உதறிவிட்டுப் போய்விடும். எரிச்சல் கண்ட குழாயாக இருந்தால் ஒரு இருமல் வரும். நோய் கண்டதாக இருந்தால் மூன்று நான்கு இருமல் தொடர்ந்து வரும். கழுத்தைப் பிடித்து நெரிக்கக் கூடாது. வலுவாக அழுத்தினால் எந்தக் கன்றும் இருமும், அதிலிருந்து எதையும் தெரிந்துகொள்ள முடியாது.

மூச்சை எண்ணுவதற்குக் கருவி எதுவும் வேண்டாம். கன்று படுத்திருக்கும்போது, தொடாமல், நாலடி தள்ளி நின்று விலா எழுந்து தாழ்வதை ஒரு முழு நிமிடம் எண்ண வேண்டும். ஓய்வாக இருக்கும் கன்றுக்கு 25 முதல் 40 வரை இயல்பு. நாற்பதைத் தாண்டினால் சந்தேகம், அறுபதைத் தாண்டினால் அன்றே மருத்துவர். ஆனால் இதை விடியற்காலையில்தான் செய்ய வேண்டும். மதிய வெயிலில் தகரக் கூரைக்குக் கீழே நிற்கும் கன்று, நோய் ஒன்றும் இல்லாமலேயே எழுபது தடவை மூச்சு வாங்கும். உடம்புச் சூடும் அப்படித்தான், மதியத்தில் ஒரு டிகிரி வரை ஏறிக் காட்டும்.

இந்த அடையாளங்களை எண்ணாக மாற்றும் முறை ஒன்று இருக்கிறது. அமெரிக்காவில் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்துக் கால்நடை மருத்துவப் பள்ளி உருவாக்கியது. காய்ச்சல், இருமல், மூக்கு மூன்றுக்கும் தனித்தனியே பூஜ்யம் முதல் மூன்று வரை மதிப்பெண். நான்காவதாகக் கண்ணையும் காதையும் பார்த்து, இரண்டில் எது அதிகமோ அதை மட்டும் சேர்க்க வேண்டும். காய்ச்சலுக்கு 101 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் கீழே பூஜ்யம், 101க்கு மேல் ஒன்று, 102க்கு மேல் இரண்டு, 103ஐத் தொட்டால் மூன்று. அழுத்தினால் ஒரே இருமல் வந்தால் ஒன்று, அழுத்தினால் தொடர் இருமலோ தானாக எப்போதாவது இருமலோ வந்தால் இரண்டு, தானாகவே அடுக்கடுக்காக வந்தால் மூன்று. மூக்குக்கு நான் மேலே சொன்ன படிநிலைகளேதான். கண்ணில் பீளை கூடக் கூடவும், காது தொங்கத் தொங்கவும் எண் ஏறும். கூட்டுத்தொகை நான்கு என்றால் மறுநாள் மறுபடியும் பார்க்க வேண்டும். ஐந்தோ அதற்கு மேலோ வந்தால் மருத்துவம் தொடங்க வேண்டும். காய்ச்சல் பார்க்க மருந்துக் கடையில் கிடைக்கும் சாதாரண டிஜிட்டல் தெர்மாமீட்டர் போதும். நுனியில் எண்ணெய் தடவி, ஆசனவாய்க்குள் சாணத்தில் குத்தாமல் பக்கவாட்டுச் சுவரை ஒட்டி வைக்க வேண்டும். வீட்டில் யாரும் தவறுதலாக எடுத்துவிடாதபடி அதைக் கொட்டகையிலேயே ஒரு டப்பாவில் போட்டு வைப்பது நல்லது.

சில ஆண்டுகளுக்கு முன் நெல்லிக்குப்பத்துக்கும் தென்பெண்ணைக்கும் நடுவில் உள்ள ஓர் ஊரில் பார்த்த கொட்டகையைச் சொன்னால் மற்றது விளங்கும். நான்கு கலப்பின ஜெர்சிக் கறவைகள், மூன்று கிடேரிக் கன்றுகள். பால் கறப்பது, தீவனம் வைப்பது எல்லாம் அந்த வீட்டு அம்மாதான். நான் டாக்டர் இல்லை என்று எத்தனை தடவை சொன்னாலும் "டாக்டர்" என்றுதான் கூப்பிடுவார். ஓய்வு பெற்ற பிறகும் அப்படித்தான்.

"நடுக் கன்றுக்கு ஆறு நாளாகச் சளி, டாக்டர். கற்பூரவல்லிச் சாறும் தேனும் ஊற்றினேன். கேட்கவில்லை. பனி தாங்கவில்லை என்று நேற்றுத்தான் இந்தப் பக்கமும் தார்ப்பாய் போட்டேன்."

காலை ஐந்தே முக்கால். தார்ப்பாயைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனதும் கண் கரித்தது. சிமெண்ட் ஷீட் கூரையின் அடிப்பக்கம் முழுக்க முத்து முத்தாக நீர் கோத்துச் சொட்டிக்கொண்டிருந்தது. வெளியே மழை இல்லை. உள்ளே இருந்த ஐந்து மாடு கன்றுகளின் மூச்சும், தரையின் ஈரமும் மேலே போய்க் குளிர்ந்த ஷீட்டில் பட்டுத் திரும்பி விழுந்த தண்ணீர் அது. மூலையில் முந்தைய மாலை கொசுவுக்குப் போட்ட வேப்பிலை மூட்டத்தின் சாம்பல். அந்தப் புகையும் இரவு முழுக்க உள்ளேயேதான் சுற்றியிருக்கும்.

மூன்றில் இரண்டு கன்றுகள் கொட்டகையின் தாழ்ந்த மூலையில் கட்டியிருந்தன. மூத்திர வாய்க்கால் முடியும் இடம் அதுதான். வாய்க்கால் சாணத்தால் அடைபட்டு, மூத்திரம் அங்கேயே குட்டையாக நின்றது. நாற்பது நாள் கன்று, அதாவது அந்த அம்மா சொன்ன நடுக் கன்று, கழுத்தை நீட்டி முன்னங்கால் முட்டிகளை வெளிப்பக்கம் விரித்து நின்றது. மார்பு விரியக் கன்று தேடிக்கொள்ளும் நிற்கும் முறை அது. காய்ச்சல் 103.8, மூன்று மதிப்பெண். குழாயை அழுத்தியதும் நான்கு இருமல், இரண்டு. இரண்டு மூக்கிலும் கெட்டியான வெள்ளைச் சளி, இரண்டு. கண்ணில் கொஞ்சம் பீளை, ஒன்று. இடது காது மட்டும் லேசாகத் தொங்கியது, இரண்டு. கண், காது இரண்டில் அதிகமான இரண்டை மட்டும் சேர்த்தால் மொத்தம் ஒன்பது. மூச்சு 64.

எழுபது நாள் கன்றைப் பற்றி அந்த அம்மா ஒன்றுமே சொல்லவில்லை. அது தீவனம் தின்றுகொண்டிருந்தது. ஆனால் காய்ச்சல் 102.6. அழுத்தியபோது ஒரே இருமல். வலது மூக்கில் கொஞ்சம் கலங்கல். மொத்தம் நான்கு. மூன்றாவது பதினெட்டு நாள் கன்று. அதன் தாய் ஈன்றதிலிருந்து வீட்டு வாசல் தாழ்வாரத்தில் கட்டியிருந்ததால் கன்றும் அங்கேயே பனியில் இருந்தது. அதற்கு வெறும் ஒன்று, அதுவும் 101ஐத் தாண்டிய இயல்பான உடம்புச் சூட்டுக்கு. காய்ச்சல் இல்லை, இருமல் இல்லை, மூக்கு பளபளப்பாக இருந்தது.

பனியில் கிடந்த கன்று நலமாக இருக்க, தார்ப்பாய்க்குள் இருந்தவை இரண்டும் நோயில் விழுந்ததை அந்த அம்மாவிடம் சுட்டிக்காட்டினேன். ஒரு பக்கம் எனக்கே எச்சரிக்கை உண்டு. பதினெட்டு நாள் கன்றுக்குச் சீம்பாலில் வந்த எதிர்ப்புச் சக்தி இன்னும் வற்றியிருக்காது. பொதுவாக அது வற்றி, கன்று தானாக எதிர்ப்பைச் சேர்த்துக்கொள்வதற்கு முந்தைய இடைவெளியில்தான் நிமோனியா அதிகம் வருகிறது. அதனால் ஒரு வீட்டை வைத்து எல்லாவற்றையும் தார்ப்பாய் மேல் போட முடியாது. ஆனால் அடுத்து நான் செய்த சோதனை சந்தேகத்தை அதிகம் மிச்சம் வைக்கவில்லை.

கன்றுகள் நின்ற மூலையில் மண்டி போட்டு உட்கார்ந்தேன். முகத்தைக் கன்றின் மூக்கு இருக்கும் உயரத்துக்கு, தரையிலிருந்து ஒன்றரை அடிக்கு, இறக்கினேன். நின்றுகொண்டு மோந்தால் கரிப்பாகத் தெரிந்த காற்று, அங்கே கண்ணில் தண்ணீர் வரவழைத்தது. ஒரு நிமிடம்கூட இருக்க முடியவில்லை. எழுந்தபோது வேட்டியின் முட்டிப் பகுதியில் இரண்டு வட்டமாக ஈரம். கொட்டகையைச் சோதிக்க இந்த இரண்டும் போதும்: முட்டி நனைகிறதா, கண் எரிகிறதா. அரை நிமிடம் மண்டியிட்டுத் துணி நனைந்தால் படுக்கை ஈரம். கண் எரிந்தால் அங்கே கன்று சுவாசிப்பது காற்றும் அமோனியாவும் கலந்த கலவை. நாம் நின்ற உயரத்தில் கொட்டகையை எடை போடுகிறோம். கன்று ஒரு நாளின் பெரும்பகுதியைப் படுத்தே கழிக்கிறது. மூத்திரமும் சாணமும் சேருமிடத்தில் அமோனியா உண்டாகிறது, அதைக் கலைத்துவிடக் காற்றில்லாத இடத்தில் தரையோரம் தேங்குகிறது.

அமோனியா செய்யும் கேடு என்ன என்பதுதான் இந்த நோயின் சூட்சுமம். மூச்சுக்குழாயின் உட்சுவரில் நுண்ணிய மயிரிழைகள் வரிசை வரிசையாக இருக்கின்றன. நெல் வயலில் காற்று அலையடிப்பது போல அவை ஓயாமல் மேல்நோக்கி அசைந்து, உள்ளே போன தூசியையும் கிருமியையும் சளியோடு சேர்த்துத் தொண்டைக்குத் தள்ளிக்கொண்டே இருக்கும். அமோனியாவும் புகையும் பட்டால் அந்த மயிரிழைகள் அசைவை இழந்து, பிறகு உதிரவும் செய்யும். நிமோனியாவை உண்டாக்கும் பாஸ்டுரெல்லா, மான்ஹீமியா போன்ற பாக்டீரியாக்கள் வெளியிலிருந்து வர வேண்டியதே இல்லை. நலமான கன்றின் மூக்கிலும் தொண்டையிலும் அவை குடியிருக்கின்றன. மேல்நோக்கித் தள்ளும் வேலை நின்றதும் அவை கீழே இறங்குகின்றன. இடையில் வைரஸ் ஒன்று வந்து அதே மயிரிழைகளைக் கெடுத்தால் இன்னும் சுலபம். வளர்ந்த மாடுகள் நோய் காட்டாமலேயே அந்த வைரஸைச் சுமக்கும். ஒரே கூரைக்குக் கீழே கறவைகளின் மூச்சுக் காற்றில் கன்றைக் கட்டுவது அந்த வகையிலும் ஆபத்து.

மாட்டின் உடலமைப்பும் சேர்ந்துகொள்கிறது. மாட்டுக்கு மூச்சுக்குழாய் இரண்டாகப் பிரிவதற்கு முன்பே, வலது நுரையீரலின் முன்மடலுக்கு ஒரு தனிக் கிளை பிரிந்து போகிறது. கீழே இறங்கும் கிருமிக்கு முதலில் கிடைக்கும் திருப்பம் அதுதான். அதனால் நோய் பெரும்பாலும் முன்பக்கக் கீழ் மடல்களில், குறிப்பாக வலது பக்கம், தொடங்கும். மருத்துவர் ஸ்டெதாஸ்கோப்பை விலாவின் நடுவில் வைக்காமல், முன்னங்காலை முன்னால் இழுத்துவிட்டு அக்குளுக்குள் திணிப்பதன் காரணம் இதுவே. முதுகுப்பக்க விலாவில் காது வைத்துக் கேட்டு நெஞ்சு தெளிவு என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

கற்பூரவல்லிச் சாறு விஷயத்துக்கும் திரும்ப வேண்டும். அதை எப்படி ஊற்றினார் என்று கேட்டேன். மூங்கில் குழாயால், தலையைத் தூக்கிப் பிடித்து, நாக்கை ஒரு பக்கம் இழுத்துவிட்டு என்றார். நம் ஊரில் எல்லாரும் செய்வது அதுதான். சாறு கெடுதல் செய்யாது. ஆனால் தலையை முதுகின் மட்டத்துக்கு மேல் தூக்கி, நாக்கையும் பிடித்துக்கொண்டால் கன்றால் விழுங்க முடியாது. திரவம் நுரையீரலுக்குள் இறங்கும். இருமும் கன்றுக்கு அது இன்னும் சுலபமாக நடக்கும். எண்ணெய் என்றால் சொல்லவே வேண்டாம், அது வெளியே வராது. விளக்கெண்ணெயோ கஷாயமோ குடற்புழு மருந்தோ ஊற்றிய அன்றோ மறுநாளோ திடீரென்று மேல்மூச்சு வாங்கி, இரண்டு மூன்று நாளில் மூச்சில் துர்நாற்றம் வந்தால், அது கொட்டகை தந்த நோயில்லை, குழாய் தந்த நோய். அது பிழைப்பதும் அரிது. மூக்கும் இருமலும் ஒரே மாதிரி தெரிந்தாலும், இந்த இரண்டையும் பிரிப்பது முந்தின நாள் என்ன ஊற்றினோம் என்ற கேள்விதான். மருத்துவர் கேட்காவிட்டாலும் நாமே சொல்லிவிட வேண்டும். இந்தக் கன்றுக்கு, சாறு ஊற்றுவதற்கு மூன்று நாள் முன்பே இருமல் தொடங்கியிருந்தது, மூச்சில் நாற்றமும் இல்லை. அதனால் முதல் காரணம் கொட்டகைதான் என்று துணிந்து சொல்ல முடிந்தது.

ஒரே ஒரு தோற்றத்துக்கு மட்டும் மதிப்பெண் எண்ணிக்கொண்டிருக்கக் கூடாது. தாடைக்கும் தொண்டைக்கும் கீழே சூடான வீக்கம், கடும் காய்ச்சல், குறட்டை போல ஒலிக்கும் மூச்சு இருந்தால் அது தொண்டை அடைப்பான். மழைக்காலத்தில் வரும். மணிக்கணக்கில் கொல்லும். கூட்டிக் கழித்து மதிப்பெண் போட அதில் நேரமில்லை. தமிழ்நாட்டில் 1962 என்ற எண்ணை அழைத்தால் கால்நடை ஆம்புலன்ஸ் வரும்.

கால்நடை மருத்துவர் அன்று காலை பத்து மணிக்கு வந்தார். நடுக் கன்றுக்கு ஆன்டிபயாட்டிக் ஊசி ஐந்து நாளுக்கும், காய்ச்சலும் அழற்சியும் தணியத் தனி ஊசியும் எழுதினார். எழுபது நாள் கன்றை அன்று விட்டுவைத்தோம். மறுநாள் விடியலில் அதற்கு 103.2, தானாக இரண்டு இருமல், மூக்கு அதே நிலை. மூன்றும் இரண்டும் ஒன்றும் சேர்ந்து ஆறு. அன்றே அதற்கும் ஊசி தொடங்கியது. அது தீவனத்தை ஒரு வேளைகூட விடவில்லை. மூன்றாம் நாள் 101.7, ஒரு வாரத்தில் இருமலும் நின்றது.

நடுக் கன்றின் பாதை வேறு. இரண்டாம் நாள் 102.9, மூன்றாம் நாள் 102, மூச்சு 44. மூன்றாம் நாளே அந்த அம்மா, "நன்றாகிவிட்டது, மீதி ஊசி எதற்கு?" என்றார். இந்தக் கேள்வியில்தான் நிறையக் கன்றுகள் கெட்டிருக்கின்றன. காய்ச்சல் இறங்கினாலும் நுரையீரலில் கிருமி முழுக்கப் போயிருக்காது. பாதியில் நிறுத்தினால் பத்துப் பதினைந்து நாளில் திரும்பி வரும், வந்தால் முதலில் கொடுத்த மருந்துக்கு அடங்காது. நேர்மாறாக, ஊசி தொடங்கி 48 மணி நேரமாகியும் காய்ச்சல் அசையாவிட்டால் ஐந்து நாள் முடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. மருத்துவரிடம் திரும்பிப் போய் மருந்தை மாற்ற வேண்டும். இருமலை வைத்து மட்டும் எடை போடக் கூடாது. மயிரிழைகள் திரும்ப முளைக்கும் வரை அது இருக்கும். இந்தக் கன்று காய்ச்சல் விட்ட பிறகும் பன்னிரண்டு நாள் இருமியது. பாலை நிறுத்தச் சொல்வோரும் உண்டு, சளி கட்டும் என்று. அந்த நம்பிக்கைக்கு ஆதாரமில்லை. நோயில் இருக்கும் கன்றுக்குப் பாலே முதல் மருந்து. ஒரே தடவை முட்டக் கொடுக்காமல் மூன்று நான்கு வேளையாகப் பிரித்துக் கொடுத்தால் போதும்.

கொட்டகைக்கு வருவோம். தார்ப்பாயை முழுக்க அவிழ்க்கச் சொல்லவில்லை. வாடைக்காற்று வரும் வடக்கிலும் கிழக்கிலும் தரையிலிருந்து மூன்றரை அடி உயரத்துக்கு மட்டும் விட்டுவைத்தோம். கன்று படுத்திருக்கும் மட்டத்தில் காற்று அடிக்காது, அதற்கு மேலே காற்று புகுந்து தெற்கிலும் மேற்கிலும் வெளியேறும். கன்றின் தலைக்கு மேலே காற்று நடக்க வேண்டும், முதுகின் மேல் நடக்கக் கூடாது. திறந்த பகுதிக்குக் கொசுவலைத் துணி வாங்கிக் கட்டினார்கள். மூட்டத்தை விட வேண்டுமென்றால் கொசுவுக்கு மாற்று தர வேண்டுமல்லவா, வெறுமனே புகை போடாதே என்றால் யாரும் கேட்க மாட்டார்கள். கூரை ஓரமும் சுவரும் சேரும் இடத்தில் அடைத்திருந்த சாக்குகளை எடுத்ததும் மூன்றாம் நாளிலேயே ஷீட்டில் நீர் சொட்டுவது நின்றது.

வாய்க்காலை வெட்டிவிட்டு, கன்றுகளைக் கறவைகளிடமிருந்து பிரித்துக் கிழக்கு மேட்டுப் பக்கத்துக்கு மாற்றினோம். கன்றுக்கு நெருக்கமில்லாத இடம் வேண்டும், அது அங்கே கிடைத்தது. படுக்கைக்கு நெல்லிக்குப்பம் பக்கம் குறைவில்லாமல் கிடைக்கும் கரும்புச் சோகை. காய்ந்ததை நாலு விரல்கட்டைக் கனத்துக்கு விரித்து, நனைந்த பகுதியை மட்டும் தினமும் அள்ளிப் புதிதாகப் போட வேண்டும். மழையில் நனைந்து பூஞ்சணம் பிடித்த வைக்கோலைக் கன்றுக்குப் பாயாகப் போடுவது பழக்கமாக இருக்கிறது. அதை உதறும்போது பறக்கும் பூஞ்சணத் தூள் ஏற்கெனவே புண்பட்ட குழாய்க்குள்தான் போகிறது.

இரண்டு நல்ல எண்ணங்களை நிறுத்தச் சொன்னேன். ஒன்று, தினமும் இரண்டு வேளை குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றித் தரையைக் கழுவுவது. வெயில் காலத்தில் சரி. மழைக்காலத்தில் அந்தத் தண்ணீர் காயவே காயாது, கூரைக்குப் போய்த் திரும்பவும் கன்றின் முதுகில் விழும். சாணத்தை வழித்தெடுத்துச் சோகையால் துடைத்தால் போதும். மற்றொன்று, நாற்றத்துக்குச் சுண்ணாம்புத் தூள் தூவுவது. காய்ந்த தரையில் தூவினால் கிருமிக்கு எதிராகக் கொஞ்சம் உதவும். மூத்திரம் ஊறிய தரையில் தூவினால் அடங்கியிருந்த அமோனியாவை அது இன்னும் கிளப்பிவிடும். சோதித்துப் பார்க்க வேண்டுமென்றால் தூவிவிட்டுக் குனிந்து மோந்தால் தெரியும்.

ஆறாம் மாதத்தில் மறுபடியும் போனேன். மார்பைச் சுற்றி நாடா பிடித்து அளந்தோம். எழுபது நாளில் ஊசி கண்ட கன்று தன் வயதுக்கு ஒத்த அளவில் இருந்தது. நாற்பது நாளில் ஆறு நாள் தாமதமாக வைத்தியம் பார்த்த கன்று, அதைவிட வயதில் இளைய பதினெட்டு நாள் கன்றையும்விட இரண்டு விரல் பின்தங்கியிருந்தது. ஓடவிட்டால் இரண்டு தடவை இருமியது. நுரையீரலில் கெட்டிப்பட்டுப்போன பகுதி திரும்பவும் மென்மையாகாது. அந்த மடல் இல்லாமலேயே அது பசுவாக வேண்டும்.

அந்த ஆண்டு மிஞ்சிய நீலத் தார்ப்பாய் வைக்கோல் போரின் மேல் கிடந்தது. வைக்கோல் காய்ந்திருந்தது.